மட்டையைக் கேட்டவர்

எங்கள் தொழிலில் கேட்பது என்றால் விலை கேட்பது, கேள்வி என்றால் கேட்ட விலை. மிளகாய் வத்தல் அம்பாரத்துக்கு முன்னால் நின்று ஒருவர் "நான் கேக்கேன்" என்று சொல்லிவிட்டால், கடைசியாகக் கூறிய விலைக்கு மேலே அடுத்த படியை அவர் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் வாய் தானாக அடுத்த எண்ணுக்குத் தாவிவிடும். வீட்டில் என் மனைவி, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்தால்கூட, "எம்புட்டுக்கு?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

விளாத்திகுளத்தில் ஒரு வத்தல் கமிஷன் மண்டியில் ஏலம் கூறுவது என் வேலை. மாசி பங்குனியில் கரிசல் காட்டு வத்தல் எல்லாம் வந்து குவியும். அம்பாரம் அம்பாரமாக நடந்துகொண்டே கூறிப் போக வேண்டும். தும்மலும் சத்தமும் வசவுமாக இருக்கும். எனக்குக் கோபம் கொஞ்சம் முன்னால் வரும், சிரிப்பு அதற்கு அடுத்தாற்போல் வரும். இரண்டும் இருப்பதால்தான் என்னை வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தக் கார்த்திகையில் கோவில்பட்டியிலிருந்து ஹாக்கி கிளப் செயலாளர் என்னைத் தேடி வந்தார். பேங்கில் வேலை பார்ப்பவர், ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர். கிளப்பில் ஆடும் ஒரு பெண்பிள்ளை, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் அம்மாவின் மகள், பஸ்ஸில் அடிபட்டுக் கால் எலும்பு நொறுங்கிக் கிடக்கிறாள். ஒரு ஆபரேஷன் முடிந்துவிட்டது, இன்னொன்று செய்தால்தான் ஒழுங்காக நடப்பாள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காக ஊரில் பொருள்களை நன்கொடையாக வாங்கி, கல்யாண மண்டபத்தில் வைத்து ஏலம் விடப்போகிறார்களாம். நான் வந்து கூற வேண்டும் என்றார்.

"வத்தலுக்குக் கூறுத வாய் சார் இது. கெட்ட வார்த்தை விழும்" என்றேன்.

"விழாம பாத்துக்கோங்க அண்ணாச்சி. மைக் பிடிச்சுப் பேச ஆயிரம் பேர் இருக்காங்க, ஏலம் கூற ஆள் இல்லை" என்றார்.

சரி என்று சொன்ன பிறகுதான் அவர் மெதுவாக அடுத்ததை எடுத்தார். கூட்டம் மந்தமாக இருந்தால் பின்னால் இருந்து இரண்டு பையன்களைச் சும்மா குரல் விடச் சொல்லலாமா, விலை கொஞ்சம் ஏறுமே, தர்ம காரியம்தானே என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. வாங்க நினைக்காதவன் குரலை வைத்து வாங்க நினைப்பவனை ஏமாற்றுவது மண்டியிலேயே கேவலம், தர்மத்துக்கு அதைச் செய்தால் இன்னும் கேவலம் என்றேன். இல்லாத கேள்வியை நான் கூற மாட்டேன், இருக்கிற கேள்வியை விட மாட்டேன், அப்படியென்றால் வருகிறேன் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

மண்டிக்கும் மண்டபத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. மண்டியில் நிற்கிற வியாபாரிகள் அத்தனை பேருக்கும் ஏலம் தெரியும். வாயைக்கூடத் திறக்க மாட்டார்கள், புருவத்தை அசைப்பார்கள், நான் பிடித்துக்கொள்வேன். மண்டபத்தில் வருகிறவர்கள் சாதாரண சனங்கள். அவர்களிடம் வேகமாகக் கூறி மலைக்க வைத்துக் காசு பிடுங்குவது சுலபம். ஆகவே முதலில் எல்லோருக்கும் எண் எழுதிய அட்டை கொடுக்கச் சொன்னேன். அட்டையைத் தூக்கினாலோ, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுக் கேட்டாலோதான் கேள்வி. தலையைச் சொறிந்தால் கேள்வி ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மண்டபத்து வாசலில் செருப்பும் கரிசல் சேறுமாகக் கிடந்தது. முன்வரிசையில் அந்தப் பெண்பிள்ளை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அம்மா, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல். நான் மைக்கை வாங்கி முதலில் சட்டத்தைச் சொன்னேன்.

"எல்லாரும் காதைக் குடுங்க. பெறவு நீ சொல்லலையேன்னு என்னை வையக்கூடாது. ஒவ்வொரு பொருளும் எப்படி இருக்கோ அப்படியே சொல்லுவேன், ஓட்டை இருந்தா ஓட்டைன்னு சொல்லுவேன். ஆரம்ப விலை நான் சொல்லுவேன். ஐயாயிரம் வரைக்கும் ஐநூறு ஐநூறா ஏறும், அதுக்கு மேல ஆயிரம் ஆயிரமா ஏறும். இப்ப யார் கேள்வி நிக்குதுன்னு ஒவ்வொரு தடவையும் கையைக் காட்டிச் சொல்லுவேன். ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லிட்டு ஒரு மூச்சு நிப்பேன். அந்த மூச்சுக்குள்ள கேட்டாலும் செல்லும். மூணு தரம் சொல்லி மணி அடிச்சுட்டா, எங்க அய்யாவே எந்திரிச்சு வந்து கேட்டாலும் செல்லாது. பணம் இன்னைக்கே அந்த மேசையில கட்டணும். வாங்க வசதி இல்லாதவிய சும்மா இருந்து பாருங்க, உங்களை ஒரு சொல் சொல்ல மாட்டேன். கை தட்டுங்க, அது போதும்."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கடலைமிட்டாய்ப் பெட்டி ஒன்று. சின்னப் பொருளில் ஆரம்பித்தால் சனங்களுக்குக் கை கூச்சம் தெளியும். "உடைச்சா சத்தம் கேக்கணும், கேக்குதா பாருங்க" என்று மைக்குக்குப் பக்கத்தில் வைத்து ஒரு துண்டை முறித்தேன். பட்டென்று கேட்டது. "இருநூறுல ஆரம்பம். பல்லு இருக்கவிய கேளுங்க, பல்லு இல்லாதவிய பேரப்பிள்ளைக்குக் கேளுங்க." இருபது கை எழுந்தது. அப்புறம் குத்துவிளக்கு. அதன் அடியில் சின்ன வெட்டு இருந்தது. தூக்கிக் காட்டிவிட்டுத்தான் கூறினேன். வெட்டைக் காட்டினால் விலை இறங்கும் என்று செயலாளர் பயந்தார். ஏறியது. ஒன்றை மறைக்காமல் சொன்னால் மற்றதையும் நம்புவார்கள் என்பது என் அனுபவம்.

ஒரு தையல் மிஷினுக்குத்தான் வேடிக்கை நடந்தது. வலது ஓரத்தில் ஒரு அம்மா விடாமல் கேட்கிறார், இடது ஓரத்தில் தூணுக்குப் பின்னாலிருந்து ஒருத்தர் விடாமல் கேட்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. விலை மளமளவென்று ஏறுகிறது, கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்துகிறது. எனக்கு அந்தத் தூண்காரர் முகம் எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. கயத்தாறில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அந்த அம்மாவும் அதே கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கப் பார்த்திருக்கிறேன். நிறுத்திவிட்டேன்.

"அண்ணாச்சி, தூணை விட்டு வெளிய வாங்க. மதினி, நீங்களும் எந்திரிங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கோங்க. ஒரே வீட்டுக்கு ஒரே மிஷினை ரெண்டு பேரும் போட்டி போட்டு வாங்கினா எனக்கென்ன, சந்தோஷந்தான். ஆனா ராத்திரி நீங்க ரெண்டு பேரும் என்னைத்தான் வைவீங்க."

மண்டபம் இடிந்துவிழுகிறாற்போல் சிரித்தது. அந்தப் பெண்பிள்ளைகூடக் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இடையில் கேட்டுவிட்டு ஒதுங்கிய மூன்றாவது ஆள் கடைசியாகக் கேட்ட விலைக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி கூறினேன். மதினிக்கே முடிந்தது. கொஞ்சம் குறைந்த விலைதான். ஆனாலும் அதற்குப் பிறகு என் வாயில் வந்த ஒவ்வொரு எண்ணையும் சனங்கள் நம்பினார்கள்.

அடுத்து ஹாக்கி மட்டை.

அந்த மட்டை யாருடையது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நாகலாபுரத்துப் பக்கம் ஒரு மானாவாரி விவசாயியின் இளைய மகன். மாநில அணிக்கு ஆடியவன். போன வருஷம் நாற்கரச் சாலையில், கயத்தாறு தாண்டி, நின்றிருந்த லாரியில் பைக்கோடு மோதிப் போய்விட்டான். அவன் மட்டை கிளப் அறையில் சுவரில் மாட்டியிருந்தது. அதை ஏலத்தில் வைக்கலாமா என்று செயலாளர் திருப்பூரில் இருக்கும் மூத்த மகனுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். நல்ல காரியம், வைத்துக்கொள்ளுங்கள் என்று அவன் சொல்லிவிட்டான். வீட்டில் அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவார்கள் என்று விட்டிருக்கலாம்.

அந்த அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் எங்கள் மண்டிக்குத்தான் வத்தல் கொண்டுவருவார். தன் அம்பாரத்துக்குப் பக்கத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார், நான் கூறி முடித்து, குடுக்கலாமா என்று கேட்டால் சரி என்பார். பேரம் பேசத் தெரியாத மனுஷன். வாழ்நாளில் ஒரு ஏலத்திலும் அவர் எதையும் வாங்கியதில்லை. அவர் சரக்கை மற்றவர்கள் கேட்பார்கள்.

பின்னால் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீபாவளி கழிந்ததிலிருந்து அவர் மனைவி, அந்த மட்டை எங்கே, அதை வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று தினமும் கேட்டிருக்கிறார். அன்று காலையில் அவர் பஸ் ஏறி வந்து மைதானத்தில் விசாரித்தார். சாமானெல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்டது, அங்கன போய்க் கேளுங்க தாத்தா என்று யாரோ கைகாட்டிவிட்டார்கள். கேளுங்க என்று சொன்னார்கள், கேட்க வந்தார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

அவர் வந்து கதவோரம் நின்றதை நான் பார்க்கவில்லை. மட்டையைத் தூக்கிப் பிடித்தேன். கைப்பிடியில் சுற்றிய துணி நைந்து போயிருந்தது, வளைவில் தேய்ந்திருந்தது. அதைச் சொன்னேன். யாருடையது என்று சொன்னேன். அதற்கு மேல் அவனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. செத்தவனைச் சொல்லிக் கூட்டத்தைக் கரைய வைத்தால் விலை பறக்கும், எனக்குத் தெரியும். அது எனக்குப் பிடிக்காது.

"ஆயிரத்துல ஆரம்பம்" என்றேன். முன்வரிசையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பேனாவோடு அட்டையைத் தூக்கினார். பந்துமட்டைக் கடை வைத்திருக்கும் ஒருவர் ஆயிரத்து ஐநூறு என்றார். முதலாளி இரண்டாயிரம்.

"முன்வரிசையில அண்ணாச்சி, ரெண்டாயிரம் நிக்குது. ரெண்டாயிரத்து ஐநூறு யார் கேக்கீங்க?"

"நான் கேக்கேன்."

கதவோரத்திலிருந்து வந்தது குரல். பார்த்தேன், அவர். நனைந்த சட்டை, கையில் ஒரு துணிப்பை. எனக்கு மனசுக்குள் குளிர்ந்துவிட்டது. பெற்ற தகப்பன், மகன் மட்டையை விலை கொடுத்து எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "அண்ணாச்சிக்கு ஒரு அட்டை குடுங்கப்பா" என்றேன். யாரோ கொடுத்தார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கதவோரம் அண்ணாச்சி, ரெண்டாயிரத்து ஐநூறு."

முதலாளி அட்டையைத் தூக்கினார். மூவாயிரம்.

"மூவாயிரத்து ஐநூறு, அண்ணாச்சி கேக்கீங்களா?"

"ஆமா, நான்தான் கேக்கேன்."

கடைக்காரர் கையைக் கீழே போட்டுவிட்டார். முதலாளிக்கு அந்த விவசாயி யார் என்று தெரியாது. அவர் ஊருக்கே புதுசு, தன் மகன் ஆடுகிறான் என்று ஆசைப்பட்டுக் கேட்டார், அதில் தப்பொன்றும் இல்லை. நான் யாருக்குச் சாதகமாகவும் குரலைத் திருப்பக்கூடாது. தகப்பன் கேக்குதாரு விடுங்கய்யா என்று ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி நிறுத்திவிடுவார். அப்படிச் சொன்னால் அந்தப் பெண்பிள்ளையின் காலுக்கு வரவேண்டிய விலையை நான் பிடுங்கியதாகும். அதனால் வேகத்தை மட்டும் குறைத்தேன். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சொன்னேன். நாலாயிரம். நாலாயிரத்து ஐநூறு. ஐயாயிரம். இனி ஆயிரம் ஆயிரமா ஏறும், யோசிச்சுக் கேளுங்க என்றேன். ஆறாயிரம் என்றதும் கதவோரத்திலிருந்து மறுபடி, "நான் கேக்கேன் அண்ணாச்சி". குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. இந்த மனுஷன் எங்கேயிருந்து கொடுப்பார் என்று எனக்கு உள்ளுக்குள் பதறியது. முதலாளி ஏழாயிரம். அவர் எட்டாயிரம். முதலாளி பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கதவோரம் அண்ணாச்சி, எட்டாயிரம். ஒரு தரம்."

"நான் கேக்கேன்" என்றார் அவர்.

தன் கேள்விக்கு மேல் தானே கேட்கிறார். தெரியாதவர்கள் பதற்றத்தில் இப்படிச் செய்வதுண்டு. அதை எடுத்துக்கொண்டால் நான் திருடன்.

"அண்ணாச்சி, உங்க கேள்விதான் நிக்குது. வேற யாரும் கேக்கல. நீங்க மறுபடி கேக்கண்டாம்."

அவர் நடுவழியில் நடந்து வந்தார். நாற்காலிகளுக்கு இடையில், சேற்றுக் காலோடு, அந்த அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. மேடைக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"நான் வெலயா கேக்கல அண்ணாச்சி. எம் மவன் மட்டையக் கேக்கேன். வீட்டுல அவ கேக்கா."

மைக் அவர் சொன்னதைப் பாதி வாங்கியிருந்தது. முன்வரிசைக்கு முழுசாகக் கேட்டது.

"நீங்க எண்ணெல்லாம் சொன்னீங்க. மண்டியில சொல்லுவீங்கள்ளா, அது உங்க பாடுன்னு இருந்தேன். இன்னும் யாரோ கேக்காவன்னு தெரிஞ்சுது. அவியளுக்குக் குடுத்துரக்கூடாதேன்னுதான் நானும் விடாமக் கேட்டேன்" என்றார்.

அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் மைக் என் கையில் இருந்தது, இருநூறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாமல் எதையும் செய்யக்கூடாது.

"எல்லாரும் கேளுங்க. இந்த அண்ணாச்சி இந்த மட்டைக்குச் சொந்தக்காரப் பையனோட அய்யா. அவிய ஏலம் கேக்கல. மட்டையத் தாங்கன்னு கேட்டுருக்காவ. என் காதுல அது கேள்வியா விழுந்துட்டு. அதனால அவிய கேட்டதா நான் கூறின எதுவும் செல்லாது. அதுக்கு மேல முன்வரிசை அண்ணாச்சி கேட்டதும் செல்லாது, ஏன்னா அது இல்லாத கேள்விக்கு மேல கேட்ட கேள்வி. ரெண்டாயிரத்துல வந்து நிக்குது. மணி இன்னும் அடிக்கல. பொருளைக் குடுத்தது கிளப். வைக்கவா எடுக்கவான்னு அவியதான் சொல்லணும்."

கமிட்டியில் தடித்த குரல்காரர் ஒருவர் எழுந்தார். "அது எப்படிங்க? கையில அட்டை இருந்துச்சு, வாயால கேட்டாரு. நீங்க சொன்ன சட்டப்படி கேள்வி கேள்விதான்" என்றார்.

"சட்டம் நான் சொல்லும்போது அவிய நாகலாபுரம் பஸ்ஸுல இருந்தாவய்யா" என்று கத்திவிட்டேன். "காதுல விழாத சட்டம் அவியளக் கட்டாது. அட்டையும் நான்தான் குடுக்கச் சொன்னேன், அவிய கேக்கல." 'கேக்கல' என்று அந்த இடத்தில் நான் சொன்னது எனக்கே என்னவோ போலிருந்தது.

செயலாளர் என் பக்கத்தில் வந்து, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "இதை நம்பித்தான் அண்ணாச்சி பாதிக் கணக்குப் போட்டுருக்கோம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கண் அந்தப் பெண்பிள்ளையின் காலைப் பார்த்தது. அதற்குள் அவளே, "குடுத்துருங்க சார், தயவுசெஞ்சு குடுத்துருங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செயலாளர் தலையசைத்தார். நான் மட்டையை இரண்டு கையாலும் எடுத்து, குனிந்து, அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கி, துணிப்பைக்குள் வைக்கப் பார்த்தார். நீளம், பை கொள்ளவில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கூட்டத்தில் ஒருவர், "அந்த மட்டைக்கு நான் பத்தாயிரம்! அவருக்கே குடுத்துருங்க!" என்று எழுந்தார். இன்னொருவர் பதினைந்து என்றார். முதலாளியும் எழுந்துவிட்டார். நல்ல மனசுதான், தெரியும். ஆனால் அந்த மனுஷன் நடுவில் மட்டையோடு நிற்கிறார், அவரைச் சுற்றி எண்கள் பறக்கின்றன. அவர் மறுபடி பயந்துபோய் என்னைப் பார்த்தார். யாரோ வாங்கிக்கொள்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

"நிறுத்துங்க" என்றேன். "இது ஏலத்துல இல்ல. இதுக்கு யார் விலை சொன்னாலும் நான் கூற மாட்டேன். பிள்ளையோட காலுக்குக் குடுக்கணும்னா அந்த மேசையில போய்க் குடுங்க, ரசீது தருவாவ. இவிய துக்கத்துக்கு விலை போடாதீங்க."

உட்கார்ந்துவிட்டார்கள். மண்டபம் செத்துக் கிடந்தது. மிச்சப் பொருள் இன்னும் பாதி இருந்தது. ஒரு தர்ம ஏலத்தில் இந்த இடம்தான் கஷ்டம். சனங்களை மறுபடி எழுப்ப வேண்டும், அதற்கு அவர் அழுகையை எடுத்துக்கொள்ளவும் கூடாது. தண்ணீர் குடித்துவிட்டு, சத்தமே இல்லாமல் ஆரம்பித்தேன். அடுத்தது ஒரு வெள்ளாட்டுக் கிடா. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். அதன் வயசையும் கொம்பில் இருந்த கீறலையும் வீட்டில் பேசுகிற குரலில் சொன்னேன். முதல் இரண்டு கேள்வி முனகலாக வந்தது. நானும் அவசரப்படுத்தவில்லை. ஐந்தாவது கேள்விக்குக் கிடாவே ஒரு சத்தம் கொடுத்தது. "இவனுக்கு அட்டை குடுக்கல, இவன் கேள்வி செல்லாது" என்றேன். யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மதியத்துக்குள் எல்லாப் பொருளும் போய்விட்டது. மேசையிலும் நிறையப் பேர் கொடுத்திருந்தார்கள். ஆபரேஷனுக்குப் போதும் என்று செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தத் தகப்பன் அதுவரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், மட்டையை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன், வேண்டாம் என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, கடைசியா எம்புட்டுக்கு வந்துச்சு?"

"எட்டாயிரம்."

மட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்ம வத்தலுக்கு ஒரு வருஷமாவது ஆளுக இப்படி நின்னு கேட்டிருக்காவளா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, மட்டையை மழை படாமல் உள்பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்த அந்த அக்காவுக்கு இனி நிம்மதியாக இருக்கும் என்று அவள் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், பங்குனி வரைக்கும் அந்த நினைப்பு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்தப் பெண்பிள்ளை கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று செயலாளர் போன் செய்தபோது சந்தோஷம் இரட்டிப்பாயிற்று.

பங்குனியில் அந்த விவசாயி வத்தல் கொண்டுவந்தார். மழை கடைசியில் ஏமாற்றிவிட்ட வருஷம், சரக்கு குறைவு, நிறமும் மட்டம். தன் அம்பாரத்துக்குப் பக்கத்தில் நின்றார். முகம் வற்றிப்போயிருந்தது. வியாபாரிகள் இன்னும் டீக்கடையிலிருந்து வரவில்லை. நான் பக்கத்தில் போய், அக்கா எப்படி இருக்காவ, மட்டையப் பாத்து என்ன சொன்னாவ என்று கேட்டேன். நல்ல பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"குடுத்தேன். வாங்கி மடியில வச்சுக்கிட்டா. ராத்திரி பூரா வச்சிருந்தா. காலையில எந்திரிச்சு மூலையில சாத்திட்டா."

அவர் குனிந்து, ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளினார்.

"முன்னாடின்னா தினமும் அதைக் கேப்பா. வாங்கிட்டு வரத் துப்பில்லன்னு என்னைய வைவா. வஞ்சுக்கிட்டே ரெண்டு வாய் திம்பா. இன்னைக்காவது போங்கன்னு காலையில என்னைய எழுப்பி விடுவா. இப்ப அது வந்துட்டுல்லா. பெறவு ஒண்ணும் கேக்க மாட்டேங்கா அண்ணாச்சி. சோறு கேக்கதில்ல. தண்ணி கேக்கதில்ல. மூத்தவன் போன் போட்டா வாங்கிக் காதுல வைக்கா, ஒரு சொல் கேக்கதில்ல."

அவர் தோளில் கை வைத்தேன். வத்தலின் நெடி கண்ணில் ஏறியது.

"அன்னைக்கு நீங்க அதை அந்த மொதலாளிக்கே குடுத்திருக்கலாம். அவ இன்னும் கேட்டுக்கிட்டாவது இருந்திருப்பா" என்றார்.

வியாபாரிகள் வந்துவிட்டார்கள். அம்பாரத்தைச் சுற்றி நின்று வத்தலை அள்ளிப் பார்த்தார்கள். ஒருவர், "ஆரம்பிங்க அண்ணாச்சி, நேரமாவுது" என்றார். நான் வாயைத் திறந்தேன். யார் கேக்கீங்க என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், வருஷக்கணக்காகச் சொன்ன சொல். அது வரவில்லை. அடுத்த மண்டியில் கூறுபவரைக் கூப்பிட்டு அந்த ஒரு அம்பாரத்தை மட்டும் கூறச் சொல்லிவிட்டு, நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். உள்ளே அந்தத் தகப்பன் குரல் கேட்டது. என்ன விலைக்குப் போயிற்றோ, வழக்கம்போல் சரி என்றார்.